சுவரை ஒட்டி வைக்கும் புரொஜெக்டர்: படம் ஏன் கோணுகிறது, எப்படி நேராக்குவது

மலை வீடுகளில் அறைகள் சிறியவை. குளிருக்காக அப்படிக் கட்டினார்கள். ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய வீடுகளின் முன்னறையில் ஒரு சுவரைக் கணப்பு எடுத்துக்கொள்ளும், இன்னொரு சுவரில் ஜன்னல்கள் இருக்கும், மூன்றாவதில் இரண்டு கதவுகள். படம் காட்ட ஒரே ஒரு சுவர் மிஞ்சினால் அதுவே அதிர்ஷ்டம். சாதாரண புரொஜெக்டர் 100 அங்குலப் படம் காட்டச் சுவரிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். அந்த இடத்தில் இங்கே சாப்பாட்டு மேசை இருக்கும். ஆகவே, சுவரை ஒட்டி ஒரு தாழ்ந்த மேசையில் வைத்தாலே பெரிய படம் தரும் ‘அல்ட்ரா ஷார்ட் த்ரோ’ வகைக் கருவிகளைப் பலர் வாங்குகிறார்கள்.

வாங்கிய முதல் மாலையிலேயே தொல்லை தொடங்கிவிடும். படம் பெரிதாக வரும், பளிச்சென்றும் இருக்கும். ஆனால் மேல் விளிம்பு சரிந்திருக்கும், ஒரு மூலை மங்கியிருக்கும், நடுவில் எங்கோ ஒரு கோடு வளைந்திருக்கும். கருவியில் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தொலைபேசியில் பேசுபவர்கள் உண்டு. பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. ஓரிரு மில்லிமீட்டர் கணக்கு மட்டும் தவறியிருக்கும். அந்தக் கணக்கு ஏன் இவ்வளவு கறாரானது என்பதைப் புரிந்துகொண்டால், சரி செய்யும் வழி தானாகவே விளங்கிவிடும்.

எந்த புரொஜெக்டருக்கும் ஒரு வீச்சு விகிதம் உண்டு. கருவிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் அது கிடைக்கும். சாதாரணக் கருவிகளில் அது 1.5 அளவில் இருக்கும். அதாவது ஒரு மீட்டர் அகலப் படத்துக்கு ஒன்றரை மீட்டர் தூரம் வேண்டும். சுவரை ஒட்டி வைக்கும் கருவிகளில் அது 0.25க்கும் கீழே போகிறது. உதாரணத்துக்கு 0.23 என்று வைத்துக்கொள்வோம். 100 அங்குலப் படம் என்றால் குறுக்கு அளவு 100 அங்குலம். அதன் அகலம் 221 செ.மீ., உயரம் 124.5 செ.மீ. 221ஐ 0.23ஆல் பெருக்கினால் 51 செ.மீ. வருகிறது. இந்த 51 செ.மீ. கருவியின் முதுகிலிருந்து அளப்பதல்ல. ஒளி கடைசியாகத் திரும்பி வெளியேறும் வளைந்த கண்ணாடியிலிருந்து அளப்பது. அந்தக் கண்ணாடி கருவியின் மேற்புறப் பள்ளத்துக்குள், நாம் உட்காரும் பக்கமாகத் தள்ளி இருக்கும். நான் இங்கே சொல்லப்போகும் கருவியில் முதுகிலிருந்து அது 27 செ.மீ. உள்ளே இருக்கிறது. எனவே முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் 24 செ.மீ. இடைவெளி விட வேண்டும். கையேட்டில் தூரத்துக்கான அட்டவணை இருக்கும். அது முதுகிலிருந்து அளந்ததா, கண்ணாடியிலிருந்து அளந்ததா என்பதை அங்கிருக்கும் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே டேப்பை எடுங்கள்.

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் ஜூம் கிடையாது. படத்தைப் பெரிதாக்கக் கருவியைச் சுவரிலிருந்து விலக்க வேண்டும், சிறிதாக்க நெருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் படத்தின் அகலம் நான்கரை சென்டிமீட்டர் அளவுக்கு மாறுகிறது. குறுக்களவில் அது இரண்டு அங்குலம்.

இப்போது ஒளி சுவரில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். படத்தின் கீழ் விளிம்பு, கண்ணாடியின் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. மேலே தொடங்குகிறது. மேல் விளிம்பு 155 செ.மீ. உயரத்தில் முடிகிறது. கண்ணாடியோ சுவரிலிருந்து 51 செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. ஆக, மேல் விளிம்புக்குப் போகும் ஒளிக்கதிர் ஒரு பங்கு முன்னேறுவதற்குள் மூன்று பங்கு உயர்கிறது. சுவரில் நேராக மோதாமல் உரசிக்கொண்டு ஏறுகிறது. சாயங்கால வெயிலில் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் கிடக்கும் சிறு கல்லுக்குக்கூட முழ நீள நிழல் விழுமே, அதே கணக்குதான் இங்கேயும். கல் அளவுப் பிழைக்கு முழ அளவு விளைவு.

இதை எண்ணில் சொல்கிறேன். மேல் விளிம்பு விழும் இடத்தில் சுவர் 6 மி.மீ. உள்வாங்கியிருந்தால், கதிர் அந்த 6 மி.மீ. அதிகம் பயணிப்பதற்குள் 18 மி.மீ. மேலே போய்விடும். அங்கே நேர்க்கோடு மேல்நோக்கி வளையும். அதே பள்ளம் கீழ் விளிம்பில் இருந்தால் கோடு 4 மி.மீ. கூட நகராது. மூன்று மீட்டருக்கு அப்பால் இருக்கும் சாதாரணக் கருவியில் இதே பள்ளம் மேல் விளிம்பிலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் காட்டாது. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். எனவே ‘பழைய புரொஜெக்டரில் இந்தச் சுவர் நன்றாகத்தானே இருந்தது’ என்ற வாதம் இங்கே செல்லாது.

சுவரைப் போலவே கருவியின் கோணலும் பெருகும். கருவி மூன்று விதமாகக் கோணலாம், ஒவ்வொன்றும் படத்தில் ஒவ்வொரு விதமாகத் தெரியும். அவற்றைப் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலாவது திருகல். கருவியின் முதுகு சுவருக்கு இணையாக இல்லாமல், ஒரு மூலை சற்று நெருங்கியும் மறு மூலை சற்று விலகியும் இருப்பது. இடைவெளி எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் படம் உயர்ந்து நிற்கும். 50 செ.மீ. அகலமுள்ள கருவியில் இரு மூலைகளின் இடைவெளி வெறும் ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டால், மேல் விளிம்பு ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே 13 மி.மீ. சரியும். கீழ் விளிம்பிலோ மூன்று மில்லிமீட்டர்கூடச் சரியாது. இதுதான் ஆளை ஏமாற்றும் இடம். கீழே கோடு நேராக இருக்கிறது, மேலே மட்டும் சரிகிறது என்றால், கருவியைச் சந்தேகிக்காமல் மேற்கூரையைச் சந்தேகிக்கத் தோன்றும். குன்னூரில் என் அத்தை வீட்டில் இதை அமைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “மச்சுதான் கோணலோ?” என்பதுதான். அந்தக் காலத்து மச்சு, கோணலாகவும் இருக்கலாம். ஆனால் படத்துக்கு அது தெரியாது.

இரண்டாவது பக்கச் சாய்வு. கருவியின் ஒரு பக்கக் கால் உயர்ந்தும் மறு பக்கக் கால் தாழ்ந்தும் இருப்பது. இதில் படம் முழுவதுமே சாய்ந்த சட்டகம்போலத் திரும்பும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே அளவு சரியும். திருகலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் அடையாளம் இதுதான். மூன்றில் சாதுவான கோணல் இது. காலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் படத்தின் முழு அகலத்துக்கும் சேர்த்து அரை சென்டிமீட்டர்தான்.

மூன்றாவது முன்பின் சாய்வு. சுவர்ப் பக்கக் கால்கள் உயர்ந்திருந்தால் ஒளி அதிகமாக மேல்நோக்கிப் போகும். படம் உயர்வதோடு மேல் பக்கம் அகன்று, கீழ் பக்கம் குறுகிச் சரிவகமாகும். இடமும் வலமும் ஒரே அளவில் விரியும். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் 25 செ.மீ. இடைவெளி இருந்தால், காலில் ஒரு மில்லிமீட்டர் மாற்றத்துக்கு மேல் விளிம்பு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஏறும். மேல் அகலத்துக்கும் கீழ் அகலத்துக்கும் இடையிலும் அதே அளவு வேறுபாடு வரும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பின் சாய்வைச் சரிபார்க்க ரசமட்டம் உதவாது. ரசமட்டம் பூமிக்கு மட்டம் எது என்று சொல்கிறது. நமக்கு வேண்டியதோ கருவி சுவருக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பது. சுவர் தூக்காக நின்றால் இரண்டும் ஒன்று. பழைய கற்சுவர் மேலே போகப் போகச் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், கருவி குமிழ் நடுவில் நிற்க அச்சாக அமர்ந்திருந்தாலும் படம் சரிவகமாகத்தான் வரும். ரசமட்டத்தைப் பக்கச் சாய்வுக்கு மட்டும் நம்புங்கள். சுவருக்குத் தூக்குக்குண்டு போடுங்கள்.

இனி அந்தக் குன்னூர் வீட்டில் கிடைத்த அளவுகளையே எடுத்துக்கொண்டு போகலாம். முதலில் கருவியின் மெனுவுக்குள் போய், கோணலான படத்தை உள்ளேயே நேராக்கிக் காட்டும் கீஸ்டோன் திருத்தங்கள் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். இதைச் செய்யாமல் அளந்தால், கருவி மறைத்துவைத்திருக்கும் கோணலையும் சேர்த்து அளப்போம். பிறகு கருவியிலேயே இருக்கும் கட்டம் போட்ட சோதனைப் படத்தைச் சுவரில் காட்டி, நான்கு பக்கங்களையும் டேப்பால் அளந்தோம். இடப் பக்க உயரம் 126.6 செ.மீ., வலப் பக்க உயரம் 122.3 செ.மீ. மேல் அகலம் 226, கீழ் அகலம் 222.

இட உயரம் அதிகம், மேல் விளிம்பு வலப்புறம் சரிகிறது, கீழ் விளிம்பு ஏறக்குறைய நேர். ஆகவே திருகல். முதுகின் இரு மூலைகளிலிருந்து சுவருக்கு அளந்தால் இடதில் 24.2, வலதில் 23.8 செ.மீ. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு மில்லிமீட்டருக்கு 13 மி.மீ. என்ற கணக்கில் மேல் விளிம்பு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் சரிய வேண்டும். அப்படித்தான் சரிந்திருந்தது.

இந்த இடைவெளியை அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் கல் வெளியே துருத்தியிருக்கும், காரைப் பூச்சு இடத்துக்கு இடம் வேறுபடும். டேப்பின் நுனி எந்த மேட்டில் அல்லது பள்ளத்தில் முட்டுகிறது என்பதைப் பொறுத்து இரண்டு மில்லிமீட்டர் தவறிவிடும். கொத்தனார் வைத்திருக்கும் ஆறடி அலுமினிய மட்டப்பலகையைச் சுவரில் படுக்கை வாட்டில் சாய்த்து, அதன் விளிம்பிலிருந்து அளந்தால் சுவரின் சராசரித் தளம் கிடைக்கும். மட்டப்பலகை இல்லாதவர்கள் நேரான அலுமினியக் குழாய் ஒன்றைப் பயன்படுத்தலாம். கடைசித் தீர்ப்பு எப்போதும் படத்தின் இட வல உயரங்களிடம்தான். இடைவெளிகள் சமமாக இருந்தும் உயரங்கள் சமமாக இல்லையென்றால் உயரங்களை நம்பி கருவியைத் திருப்புங்கள். நகர்த்தும்போது கருவியைத் தள்ளாமல், ஒரு மூலையை விரலால் நிறுத்திக்கொண்டு மறு மூலையைத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும்.

மேல் அகலம் கீழ் அகலத்தைவிட நான்கு சென்டிமீட்டர் அதிகம். அது முன்பின் சாய்வு. ஆனால் கருவியின் மேல் வைத்த ரசமட்டத்தில் குமிழ் நடுவில் இருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்ததில் விடை கிடைத்தது. படம் விழும் உயரத்துக்குள், அதாவது ஒன்றேகால் மீட்டருக்குள், சுவர் ஒரு சென்டிமீட்டர் பின்னால் போயிருந்தது. கணக்குப் போட்டால் அது கருவியின் காலில் இரண்டு மில்லிமீட்டர் சாய்வுக்குச் சமம். நாம் உட்காரும் பக்கத்துக் கால்களின் திருகுகளை அந்த இரண்டு மில்லிமீட்டர் உயர்த்தியதும் மேல் கீழ் அகலங்கள் நெருங்கிவிட்டன.

நான்கு பக்கங்களும் சமமாகிவிட்டன, ஆனாலும் வலது மேல் பகுதியில் ஒரு முழ நீளத்துக்குக் கோடு மேலே வளைந்திருந்தது. வளைவு கருவியிலிருந்து வருகிறதா, சுவரிலிருந்து வருகிறதா? இதைக் கண்டுபிடிக்கக் கருவியை ஒரு சாண் இடப்புறம் நகர்த்திப் பாருங்கள். வளைவு சுவரில் அதே இடத்திலேயே நின்றால் குற்றம் சுவருடையது. படத்தோடு சேர்ந்து அதுவும் இடப்புறம் வந்தால் கருவியுடையது. இங்கே அது நின்றது. கோடு மேலே வளைந்தால் அங்கே சுவர் உள்வாங்கியிருக்கிறது, கீழே தொய்ந்தால் சுவர் துருத்தியிருக்கிறது. மட்டப்பலகையை வைத்துப் பார்த்தபோது பலகைக்கும் சுவருக்கும் நடுவே 6 மி.மீ. சந்து தெரிந்தது. படத்தில் கோட்டின் வளைவு 18 மி.மீ. அளவில் இருந்தது.

பெயின்டர்கள் உடனே பட்டி பார்த்துவிடலாம் என்பார்கள். பட்டி மெல்லிய பூச்சுக்கானது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பள்ளத்தை நிரப்பி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நன்றாக வரும். ஆறு மில்லிமீட்டர் ஆழத்தை அதனால் நிரப்ப நினைப்பது வீண், வெடித்து உதிரும். அத்தோடு நீலகிரியில் மழைப் பக்கத்துச் சுவர் என்றால் ஓதம் ஏறும். ஓதம் ஏறிய சுவரில் பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்து கொப்பளிக்கும். உரசிப்போகும் ஒளியில் ஒவ்வொரு கொப்பளமும் தன் நிழலோடு தெரியும். இப்படிப்பட்ட சுவரைச் சீராக்குவதில் பணத்தைக் கொட்டுவதைவிட, சுவரை மறந்துவிட்டு அதன் முன் ஒரு தட்டையான பரப்பை நிறுத்துவது மேல் என்பது என் கருத்து.

அந்தப் பரப்பு, சட்டகத்தில் இழுத்துக் கட்டிய திரையாக இருக்கலாம். கீழேயிருந்து வரும் ஒளியை மட்டும் பார்ப்பவரிடம் திருப்பி, மேலே எரியும் விளக்கின் ஒளியை விழுங்கும் திரைகள் இந்த வகைக் கருவிகளுக்கென்றே விற்கின்றன. விலை அதிகம், பலனும் அதிகம். சுருட்டி இறக்கும் சாதாரணத் திரையை மட்டும் வாங்காதீர்கள். காற்றில்லாத அறையிலும் அதன் துணி இலேசாக அலையும். அந்த அலை படத்தில் மூன்று மடங்காகும்.

அத்தை வீட்டில் பிளைவுட் போட்டோம். எட்டுக்கு நாலு பலகையின் உயரம் 122 செ.மீ. 100 அங்குலப் படத்துக்கு 124.5 செ.மீ. வேண்டும், ஆகவே இரண்டரை சென்டிமீட்டர் இடிக்கிறது. படத்தை 96 அங்குலமாகக் குறைத்தால் 212.5க்கு 119.6 செ.மீ. என்று பலகைக்குள் அடங்கிவிடும். இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஈரம் தாங்கும் ரகப் பலகையாக வாங்கி, பின்னால் ரீப்பர் கட்டைகளால் சட்டம் அடித்து, முன்பக்கம் போலவே பின்பக்கத்துக்கும் பெயின்ட் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறு பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வில்லாக வளையும். முன்பக்கத்துக்குப் பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன். எனாமல் கூடாது. பளபளக்கும் பரப்பு, கீழிருந்து வரும் ஒளியை மேற்கூரைக்கு அனுப்பிவிடும். மச்சில் மங்கலாக ஒரு இரண்டாவது படம் ஓடும்.

பலகையைச் சுவரில் பொருத்தும்போது, கீழே ஒட்டியும் மேலே ஒரு சென்டிமீட்டர் சக்கை வைத்தும் தூக்காக நிறுத்தினோம். இதனால் முன்பின் சாய்வுக்காக உயர்த்திய கால்களை மறுபடி இறக்கிவிடலாம். இனி எல்லா அளவும் பலகையின் முகத்திலிருந்து. 96 அங்குலத்துக்குக் கண்ணாடியிலிருந்து 49 செ.மீ., ஆகவே முதுகிலிருந்து பலகைக்கு 22 செ.மீ. முன்பு சுவரில் போட்டுவைத்த பென்சில் குறிகளை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் யாராவது அதைப் பார்த்துக் கருவியைப் பழைய இடத்துக்குத் தள்ளுவார்கள்.

ஃபோகஸ் கடைசி. நான்கு பக்கங்களும் சரியாகும் முன் ஃபோகஸைத் தொடுவதில் பயனில்லை. தூரம் மாறினாலே அது கலைந்துவிடும். இந்தக் கருவிகளில் லென்ஸும் வளைந்த கண்ணாடியும் சேர்ந்து, குறிப்பிட்ட தூரத்தில், ஒரே ஒரு தட்டையான தளத்தில் மட்டும் கூர்மையான படத்தை உருவாக்குகின்றன. அந்தத் தளம் பலகையின் முகத்தோடு ஒன்ற வேண்டும். எனவே எந்த மூலை மங்குகிறது என்பதே ஒரு துப்பு. மேலே ஒரு மூலை கூர்மையாகவும் மறு மூலை மங்கலாகவும் இருந்தால் அது ஃபோகஸ் குற்றமல்ல, திருகல் இன்னும் மிச்சமிருக்கிறது. மேல் மூலைகள் இரண்டும் ஒரே அளவு மங்கினால் முன்பின் சாய்வைப் பாருங்கள், பலகை தூக்காக நிற்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் நடுப்பகுதிக்கும் மேல் மூலைகளுக்கும் சிறு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நடுவில் எழுத்துகள் கூர்மையாகும் இடத்தை ஒரு தரம் பாருங்கள், மூலைகளில் கூர்மையாகும் இடத்தை ஒரு தரம் பாருங்கள், இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். மூலையில் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் மெல்லிய சிவப்போ நீலமோ தெரிவது லென்ஸின் எல்லை. எவ்வளவு திருப்பினாலும் அது போகாது, உட்கார்ந்து பார்க்கும் தூரத்தில் கண்ணில் படாது.

கருவியைப் போட்ட உடனே ஃபோகஸ் வைக்கவும் கூடாது. உள்ளே சூடு ஏற ஏற லென்ஸும் அதைத் தாங்கும் பாகங்களும் நுண்ணிய அளவில் விரிகின்றன, கூர்மை நகர்கிறது. அரை மணி நேரம் படம் ஓடிய பிறகு வையுங்கள். மலையில் இது சமவெளியைவிட முக்கியம். மார்கழி இரவில் அறையே பத்து டிகிரியில் இருக்கும்போது, குளிர்ந்த கருவிக்கும் சூடேறிய கருவிக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. முதல் பத்து நிமிடம் மூலைகள் சற்று மங்கலாக இருந்துவிட்டுத் தானாகத் தெளிந்தால் அதைத் திருத்தாமல் விட்டுவிட வேண்டும். பல கருவிகளின் கையேடு 5 டிகிரிக்குக் கீழே இயக்க வேண்டாம் என்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது. மெனுவில் High Altitude என்று தொடங்கும். பொதுவாக 1500 மீட்டருக்கு மேல் அதை இயக்கச் சொல்வார்கள். குன்னூர் சுமார் 1850 மீட்டர், ஊட்டி 2240, கொடைக்கானல் 2100க்கு மேல். மூன்று ஊர்க்காரர்களும் இயக்க வேண்டும். கூடலூர் 1100 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் அங்கே தேவையில்லை. கொடைக்கானலில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றுத்தான் தாண்டும். மெலிந்த காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துச் செல்லும், அதனால் விசிறி வேகமாகச் சுழல வேண்டும். இரைச்சல் கூடும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இயக்காவிட்டால் உள்ளே சூடு மிஞ்சிக் கருவி தானே நின்றுவிடும். ஃபோகஸ் வைப்பதற்கு முன்பே இதை இயக்கிவிடுங்கள். பின்னால் இயக்கினால் உள்ளே வெப்பநிலை மாறி, வைத்த ஃபோகஸ் சற்று நகரலாம்.

மூடுபனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலைத் திறந்து வைத்தால் மஞ்சு வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் ஊர் இது. குளிர்ந்த அறையிலிருந்து கணப்பு எரியும் அறைக்குக் கருவியைக் கொண்டுவந்தால், மேலே மூடியிருக்கும் கண்ணாடியில் நீர்ப்படலம் படியும். படம் முழுவதும் ஒரே சீராக மங்கும், ஒளிரும் எழுத்தைச் சுற்றிப் புகைவளையம் தெரியும். ஃபோகஸ் தவறினால் இப்படி ஒளிவட்டம் வராது, கோடு தடிக்கும். துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். ஒரு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு இயக்குங்கள். குனிந்து அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஒளி ஓடும்போது அது கண்ணுக்கு ஆபத்து. குழந்தைகள் மேசையின் மேல் சாயாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குத்தான் மெனுவில் உள்ள கீஸ்டோன் அல்லது மூலைத் திருத்தம். அது கருவியைத் திருப்புவதில்லை, உள்ளே உருவாகும் படத்தையே எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கிச் சுருக்குகிறது. சுருங்கிய படம், உள்ளே படத்தை உருவாக்கும் சில்லின் முழுப் பரப்பையும் பயன்படுத்தாது. நுணுக்கம் குறையும், வெளிச்சம் குறையும், படத்தைச் சுற்றி ஒரு மங்கிய சாம்பல் விளிம்பு இருட்டில் தெரியும். ஐந்து சென்டிமீட்டர் சரிவை இதனால் சரி செய்தவர் படம் நேராக வந்துவிட்டது என்று மகிழ்வார், ஆனால் ஒரு மேல் மூலை மங்கலாகவே இருக்கும். கருவி இன்னும் திருகியபடியே இருப்பதால் கூர்மைத் தளமும் திருகியே இருக்கிறது, மெனுவால் அதைத் தொட முடியாது. சுவரின் குழிக்கும் மேட்டுக்கும் நான்கு மூலைத் திருத்தம் உதவாது. பல புள்ளிகளைத் தனித்தனியே இழுக்கும் வசதி உள்ள கருவிகளில் ஓரளவு ஏமாற்றலாம்.

மரத்தளம் உள்ள வீடுகளுக்கு இன்னொரு வேலை உண்டு. பழைய பங்களாக்களில் தரைப்பலகைகள் உத்தரங்களின் மேல் நிற்கின்றன, நடந்தால் அமுங்கும். மேசையின் முன்கால்கள் நிற்கும் பலகையை ஒருவர் மிதிக்கும்போது கருவி கால் மில்லிமீட்டர் முன்னால் சாய்ந்தாலும், மேல் விளிம்பு அரை சென்டிமீட்டர் குதிக்கும். யாரோ காபி எடுக்க எழுந்து போகும்போதெல்லாம் படம் தலையாட்டும். மேசையின் அடியில் ரப்பரோ ஸ்பாஞ்சோ வைப்பது நிலைமையை மோசமாக்கும், கருவி அதன் மேல் இன்னும் அதிகமாக ஆடும். தரையை நம்பாமல், படம் விழும் அதே சுவரில் உறுதியான இரும்புத் தாங்கிகளை அடித்து அவற்றின் மேல் பலகை போட்டு வைத்தால் தரையின் அசைவு கருவிக்கு வராது. கற்சுவரில் துளையிடுவது கடினமான வேலை, பழகிய ஆளை வைத்துச் செய்யுங்கள். அது முடியாதென்றால் மேசையின் கால்கள் உத்தரங்களின் மேல் வருமாறு, சுவரோரமாக நிறுத்துங்கள். தரையில் ஆணிகள் வரிசையாக ஓடும் இடம்தான் உத்தரம் இருக்கும் இடம், சுவரோரத்தில் அசைவும் குறைவு.

எல்லாம் முடிந்ததும் கருவியின் நான்கு கால்களைச் சுற்றியும் மேசையில் மெல்லிய கோடு போட்டுவிடுங்கள், அல்லது மூலைகளில் சிறு மரக்கட்டைகளை ஒட்டிவிடுங்கள். தூசி துடைப்பவர் கருவியை நகர்த்தினாலும் அதே இடத்துக்குத் திரும்பும். மேசை மரமாக இருந்தால் ஜூனில் மழை தொடங்கிச் சில வாரம் ஆனதும் ஒரு தரமும், தை மாத வறட்சியில் ஒரு தரமும் சோதனைப் படத்தைப் போட்டு இட வல உயரங்களை அளந்து பாருங்கள். மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிந்தால் இடைவெளி அதிகமுள்ள மூலையைச் சுவர்ப் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தட்டினால் போதும்.